மருந்தைப் பார்க்காமலே மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா: வெல்வெட் துணிச் சோதனை எதை நிரூபித்தது?

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுப்பதால்தான் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாடப் புத்தகத்திலோ, மாற்றம் முன்பே நடந்துவிடுகிறது, மருந்து தேர்ந்தெடுக்க மட்டும்தான் செய்கிறது என்று இருக்கிறது. மருந்து போடாமல் எதிர்ப்பு இருப்பதைப் பார்க்கவே முடியாதே, பிறகு எப்படி நிரூபித்தார்கள்? வெல்வெட் துணி வைத்து ஏதோ செய்தார்களாமே?

பதில்:

சிக்கலின் முடிச்சை நீங்களே பிடித்துவிட்டீர்கள். மருந்து போட்டால்தான் எதிர்ப்பு தெரியும். போட்ட பிறகு உயிரோடிருக்கும் பாக்டீரியாவைக் காட்டி, "இது முன்பே மாறியிருந்தது" என்று ஒருவர் சொல்லலாம்; "மருந்து பட்டதும் மாறியது" என்று இன்னொருவரும் அதே தட்டைக் காட்டிச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் ஒரே சாட்சி. 1940களில் பாக்டீரியா ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஆக்ஸ்போர்டின் சிரில் ஹின்ஷெல்வுட் போன்ற பெரிய வேதியியல் அறிஞர்களே, பாக்டீரியா தன் சூழலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்ற பக்கம் நின்றார்கள். அன்றைக்கு அது அசட்டுத்தனமான கருத்தும் இல்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு லாக்டோஸ் கொடுத்தால் லாக்டோஸைச் செரிக்கும் நொதியை அது உடனே தயாரிக்கிறது. மருந்துக்கும் அப்படி ஒரு பதில் இருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவை, அதுவோ அதன் முன்னோரோ ஒருமுறைகூட மருந்தைத் தொடாமல், தனியே பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். 1952இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் செய்தது அதைத்தான். அதற்கு முன், யாரும் தூண்டாமல் மாற்றம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் சோதனையின் எண்கள் தானாகவே புரியும்.

ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் கார இணைகள் இருக்கின்றன. ஒரு செல் இரண்டாவதற்கு முன் அத்தனையையும் நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ் நொடிக்கு ஆயிரம் காரங்கள் அளவில் சேர்த்துக்கொண்டே போகும். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என்பதுதான் விதி. ஆனால் அந்த விதி ஹைட்ரஜன் பிணைப்புகள் எங்கே அமைகின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு காரத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு கணநேரம் இடம் மாறி நின்றால், குவானைனுக்கு எதிரே தைமின் கச்சிதமாகப் பொருந்திவிடும். வெப்ப அசைவு உள்ள எந்த மூலக்கூறிலும் இது நடக்கும், தடுக்க முடியாது. இதனால் பாலிமரேஸ் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான காரத்தைச் சேர்த்துவிடுகிறது.

அப்படியே விட்டால் ஒவ்வொரு பிரிதலிலும் டஜன் கணக்கில் பிழைகள் சேரும். அப்படி நடக்காததற்குக் காரணம் இரண்டு கட்டத் திருத்தம். சேர்த்த காரம் சரியாக உட்காரவில்லை என்றால் பாலிமரேஸே பின்னால் நகர்ந்து அதை வெட்டியெடுக்கும். அதையும் தாண்டித் தப்பிய பிழையை, மியூட்-எஸ், மியூட்-எல், மியூட்-எச் என்ற புரதங்கள் தேடிப் பிடிக்கும். இந்த இரண்டாவது குழுவுக்கு ஒரு சங்கடம் உண்டு. குவானைனும் தைமினும் எதிரெதிரே நிற்கின்றன. இதில் எது பழசு, எது புதுசு? ஈ.கோலை தன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் குறி போட்டு வைக்கிறது. புதிதாக எழுதிய இழைக்கு அந்தக் குறி விழச் சற்று நேரமாகும். அந்த இடைவெளிக்குள், குறியில்லாத இழைதான் புதுசு என்று கண்டு அதைத்தான் வெட்டுகிறார்கள் இந்தத் திருத்துநர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சும் பிழை, ஏறத்தாழ ஆயிரம் பிரிதல்களுக்கு ஒன்று, அதுவும் மொத்த மரபணுத் தொகுதிக்கும் சேர்த்து.

நகலெடுக்கும்போது மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதும் டி.என்.ஏ. கெடுகிறது. செல் முழுக்க நீர்தான். சைட்டோசின் நீருடன் வினைபுரிந்து தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகிவிடும். யுராசில் டி.என்.ஏ.வுக்கு உரியது அல்ல என்பதால், அதை அகற்றவே ஒரு நொதி இருக்கிறது. ஆனால் மீத்தைல் குறி உள்ள சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் கிடைப்பது தைமின். தைமின் டி.என்.ஏ.வின் சொந்தப் பொருள்; அதைப் பார்த்து அந்த நொதிக்குச் சந்தேகம் வராது. அதனால் அப்படிப்பட்ட சைட்டோசின்கள் இருக்கும் இடங்களில் சடுதி மாற்றம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகமாக நடக்கிறது. சுவாசத்தின் உபபொருளாக வரும், வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் சேர்மங்கள் குவானைனை ஆக்ஸிஜனேற்றம் செய்தால், அது சைட்டோசினுக்குப் பதில் அடினைனோடு சேரத் தொடங்கும். ஒரே காரம் தொடர்ந்து ஆறேழு முறை வரும் இடத்தில் இழை வழுக்கி, ஒரு காரம் கூடியோ குறைந்தோ போவதும் உண்டு.

'தற்செயல்' என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். எல்லா இடத்திலும் சமமாக நடக்கும் என்பது அதன் பொருள் அல்ல. மேலே பார்த்தபடி சில இடங்கள் அதிகம் மாறும், சில குறைவாக மாறும். பாக்டீரியாவுக்கு எந்த மாற்றம் தேவையோ அதைப் பார்த்து நடப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். நீரும் ஆக்ஸிஜனும் வெப்ப அசைவும் எந்த ஜீன் இப்போது பயன்படும் என்று அறியமாட்டா.

லெடர்பெர்க் தம்பதியர் இரண்டு எதிர்ப்புகளைப் பரிசோதித்தார்கள். ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கு, மற்றொன்று டி1 என்ற ஃபேஜுக்கு, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸுக்கு. டி1 ஃபேஜ் ஈ.கோலையின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. இரும்புச் சத்தை உள்ளே கொண்டுவருவதே அந்தப் புரதத்தின் வேலை. ஃபேஜ் அதைத் தன் வாசலாக்கிக்கொண்டது. அந்தப் புரதத்தின் ஜீனை எங்கே உடைத்தாலும் வாசல் மூடிவிடும். உடைப்பதற்கு ஆயிரம் வழி உண்டு என்பதால் டி1 எதிர்ப்பு ஓரளவு அடிக்கடி வரும். ஒரு பிரிதலுக்குப் பத்துக் கோடியில் ஓரிரு பங்கு என்ற அளவில். ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு அப்படியல்ல. மருந்து ரைபோசோமில் ஒட்டுகிறது. அங்கே எஸ்12 என்ற சிறு புரதத்தில் சில குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் மாறினால் மட்டுமே ரைபோசோம் வேலையும் செய்யும், மருந்தின் பிடியிலிருந்தும் தப்பும். உடைத்துவிட்டால் செல்லே செத்துவிடும். எனவே அது டி1 எதிர்ப்பைவிட வெகு அரிது. டி1 கணக்கு எளிது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

லெடர்பெர்க்குகளுக்கு முன்பே, 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் இதே டி1 எதிர்ப்பை வைத்து ஒரு பதில் தந்திருந்தார்கள். தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாவை ஃபேஜ் தட்டில் பரப்பினால், எதிர்ப்புக் காலனி, அதாவது தப்பிய ஒரு செல்லிலிருந்து பெருகிய கூட்டம், சில குழாய்களில் ஒன்றுகூட இல்லை, சிலவற்றில் நூற்றுக்கும் மேல். ஃபேஜ் பட்ட பிறகுதான் மாறுகிறது என்றால் எல்லாக் குழாயிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வர வேண்டும். இந்தத் தாறுமாறான ஏற்றத்தாழ்வு, சில குழாய்களில் மாற்றம் சீக்கிரமே நடந்து வாரிசுகள் பெருகிவிட்டன என்றால்தான் வரும். வாதம் அற்புதமானது. ஆனால் புள்ளியியல் பழக்கமில்லாதவர்களுக்கு அது மறைமுகச் சான்றாகவே பட்டது. குழாய்க்குக் குழாய் வேறு ஏதோ வேறுபட்டிருக்கலாமே என்று சொல்ல இடம் இருந்தது. எதிர்ப்புள்ள அந்த முன்பே பிறந்த பாக்டீரியாவை யாரும் கையில் பிடித்துக் காட்டவில்லை.

வெல்வெட் துணி வருவது இங்கேதான். தட்டைவிடச் சற்றுக் குறுகலான வட்டமான மரக்கட்டை அல்லது உலோகக் கட்டையின் தலையில், ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய வெல்வெட் துணியை, மயிர்ப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து ஒரு வளையத்தால் இறுக்குவார்கள். பாக்டீரியா வளர்ந்திருக்கும் மூலத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் மெல்ல அழுத்துவார்கள். வெல்வெட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு நூலிழையும் ஒரு நுண்ணூசி போலத் தனக்கு நேரே இருக்கும் பாக்டீரியாவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பிறகு அதே துணியின் மேல் புதிய தட்டு ஒன்றை அழுத்தினால், எந்தப் பாக்டீரியா எங்கே இருந்ததோ அதே இடத்தில் அங்கேயும் இறங்கும். ஒரே முறை மை தொட்ட ரப்பர் ஸ்டாம்பை நாலைந்து காகிதத்தில் குத்துவது போல, ஒரே துணியிலிருந்து அடுத்தடுத்துப் பல தட்டுகளுக்கு நகல் எடுக்கலாம். தட்டுகளின் விளிம்பில் ஒரே திசையில் ஒரு குறி போட்டுவிட்டால், பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்து இடம் பார்க்கலாம்.

இதை எதற்காகவெல்லாமோ பயன்படுத்தலாம். நூறு காலனிகளில் எது எந்தச் சத்து இல்லாமல் வளராது என்று ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த வேலை, ஒரே அழுத்தலில் முடிந்தது. ஆய்வகங்களில் இன்றும் பெரும்பாலும் அதற்குத்தான் இது பயன்படுகிறது. ஆனால் நாம் பேசும் சோதனையில் மூலத் தட்டில் தனித்தனிக் காலனிகள் கிடையாது. சில மணி நேரம் வளர்ந்து தட்டு முழுக்க மெல்லிய படலமாகப் பரவிய பாக்டீரியாதான். அந்தத் தட்டில் ஃபேஜ் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அதிலிருந்து துணியில் எடுத்து, ஃபேஜ் ஏராளமாகப் பரப்பிய இரண்டு மூன்று தட்டுகளில் அழுத்தினார்கள். மறுநாள் அந்தத் தட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாப் பாக்டீரியாவும் செத்திருந்தன. அங்கங்கே எதிர்ப்புக் காலனிகள் மட்டும். தட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, அந்தக் காலனிகளில் பல ஒரே இடத்தில் இருந்தன.

இந்த ஒன்றிப்பு எதைச் சொல்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஃபேஜ் பட்ட பிறகுதான் மாற்றம் என்றால், ஒவ்வொரு தட்டிலும் அது தனித்தனியாக நடந்த நிகழ்வு. முதல் தட்டில் வலது மூலையில் ஒன்று மாறினால், இரண்டாவது தட்டிலும் அதே வலது மூலையில் மாற எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் மூலத் தட்டின் அந்த இடத்தில் முன்பே ஒரு எதிர்ப்புள்ள செல் பிறந்து, அதன் வாரிசுகள் சின்னக் கூட்டமாக அங்கே உட்கார்ந்திருந்தால், துணி அவற்றில் கொஞ்சம் கொஞ்சத்தை எல்லாத் தட்டுகளுக்கும் அதே இடத்தில் கொண்டுபோகும்.

எல்லாக் காலனிகளும் ஒன்றிப்போகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போகாது. அந்த ஒன்றிப்போகாதவையும் கணக்குக்குள்தான் அடங்குகின்றன. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூலத் தட்டில் 1 லட்சம் செல்களைப் பரப்பி, அவை 13 முறை இரட்டிக்க விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 8,192 ஆகும். தட்டில் மொத்தம் சுமார் 82 கோடி செல்கள். டி1 எதிர்ப்பு ஒரு பிரிதலுக்குக் கோடியில் 0.2 பங்கு என்று கொண்டால், கடைசிச் சுற்றில் நடந்த 41 கோடிப் பிரிதல்களில் சுமார் 8 புதிய எதிர்ப்புச் செல்கள் பிறந்திருக்கும். அதற்கு முந்தைய சுற்றில் 4, அதற்கு முன் 2, அதற்கும் முன் 1. கடைசிச் சுற்றில் பிறந்த எட்டும் தனிச் செல்கள். துணி அவற்றை எடுத்தாலும் ஒரே தட்டுக்குத்தான் தர முடியும். முன்னதாகப் பிறந்தவை இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகியிருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்பே, ஆறேழு சுற்று மிச்சமிருக்கும்போது ஒன்று பிறந்திருந்தால், அது 64 அல்லது 128 செல்கள் கொண்ட கூட்டமாக நிற்கும். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் தெரியப்போவது அதுதான். ஒரு தட்டில் மட்டும் தெரியும் காலனி பிந்திப் பிறந்தது. எல்லாத் தட்டிலும் தெரிவது முந்திப் பிறந்தது. ஒன்றிப்பு எவ்வளவு என்பதே வயதைச் சொல்லிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஜீன் உடைந்த அந்தக் கணமே செல் ஃபேஜிடமிருந்து தப்பிவிடுவதில்லை. உடைவதற்கு முன் தயாரான வாசல் புரதங்கள் அதன் மேற்பரப்பில் அப்படியே இருக்கும். சில தலைமுறை பிரிந்த பிறகே அவை நீர்த்துத் தீரும். ஒரு வாசல் மிச்சமிருந்தாலும் ஃபேஜ் சில நிமிடங்களில் அதில் ஒட்டிவிடும். ஆகவே ஃபேஜைப் பார்த்த பின் மாறத் தொடங்கும் செல்லுக்கு, தப்பிக்க நேரமே கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் பிடிவாதக்காரர் ஒருவர் ஒரு மறுப்பு வைக்கலாம். "அந்த இடத்தில் இருந்தவை எதிர்ப்புள்ள செல்கள் அல்ல, ஃபேஜ் பட்டால் எளிதில் மாறக்கூடிய, ஏதோ வகையில் தயாரான செல்கள். மாற்றம் ஃபேஜ் தட்டில்தான் நடந்தது." இடம் ஒன்றிப்பது மட்டும் இந்த மறுப்பை வாயடைக்காது. லெடர்பெர்க்குகளின் கட்டுரைத் தலைப்பிலேயே 'மறைமுகத் தேர்வு' என்ற சொற்கள் இருப்பது இதனால்தான். நகல் தட்டு எங்கே எதிர்ப்பு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் மட்டுமே. அடுத்த சுற்றுக்கு அந்தத் தட்டிலிருந்து எதையும் எடுக்க மாட்டார்கள். அதைப் பார்த்து, ஃபேஜைத் தொடாத மூலத் தட்டின் அதே இடத்திலிருந்து எடுப்பார்கள்.

அதே மாதிரிக் கணக்கைத் தொடர்வோம். தட்டின் குறுக்களவு 9 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 64 சதுர செ.மீ. வரைபடம் காட்டிய இடத்தில் 4 மி.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டியெடுத்தால், அது மொத்தத்தில் நானூறில் ஒரு பங்கு. அதில் 20 லட்சம் செல்கள். அந்த இடத்தில் 64 செல் கூட்டம் ஒன்று இருந்தது என்றால், துண்டில் எதிர்ப்புள்ளது 31,000க்கு ஒன்று. தொடக்கத்தில் தட்டு முழுவதிலும் சுமார் 80 லட்சத்துக்கு ஒன்றாக இருந்தது; ஒரே வெட்டில் இருநூறு மடங்குக்கு மேல் செறிந்துவிட்டது. இந்தத் துண்டை நீரில் கலக்கி, 1 லட்சம் செல்களைப் புதிய ஃபேஜில்லாத் தட்டில் பரப்பினால் அதில் சுமார் மூன்று எதிர்ப்புச் செல்கள் இருக்கும். இந்த முறை அவை தொடக்கத்திலேயே இருக்கின்றன; எனவே 13 இரட்டிப்புக்குப் பின் ஒவ்வொன்றும் எட்டாயிரம் செல்கள் கொண்ட கூட்டம். மறுபடி துணி, மறுபடி ஃபேஜ் தட்டில் வரைபடம், மறுபடி மூலத் தட்டில் வெட்டு. இப்போது துண்டில் 250க்கு ஒன்று எதிர்ப்புள்ளது. மூன்றாவது சுற்றில் படலமாக வளர்க்க வேண்டியதில்லை. தட்டுக்கு 200 தனிக் காலனிகள் வீதம் ஐந்து தட்டுகளில் பரப்பி நகலெடுத்தால், ஆயிரத்தில் நாலு காலனி ஃபேஜ் தட்டில் வளரும். மூலத் தட்டில் அதே இடத்தில் இருக்கும் காலனியை எடுத்து வளர்த்தால், அதில் உள்ள ஒவ்வொரு செல்லும் டி1 ஃபேஜை எதிர்க்கும்.

அந்தக் காலனியின் வம்சம் முழுக்க ஃபேஜில்லாத் தட்டிலேயே பிறந்து வளர்ந்தது. அதன் பாட்டனோ முப்பாட்டனோ ஒருவரும் ஃபேஜைச் சந்தித்ததில்லை. செத்ததும் பிழைத்ததும் பக்கத்துத் தட்டிலிருந்த அதன் உறவினர்கள். 'தயாராக இருந்த செல்' என்ற மறுப்புக்கும் இதில் இடமில்லை. வெறும் தயார்நிலை என்றால், சுற்றுக்குச் சுற்று செறிந்து கடைசியில் நூற்றுக்கு நூறு எதிர்ப்பாக முடியாது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் இதே முறையில், மருந்தைத் தொடாத எதிர்ப்பு வகையைப் பிரித்தெடுத்தார்கள். அரிதானது என்பதால் அது கூடுதல் உழைப்பு கேட்கும், தர்க்கம் அதேதான். இதற்குப் புள்ளியியல் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இந்தச் சோதனையின் வலிமை. ஜோஷுவா லெடர்பெர்க் 1958இல் நோபல் பரிசு பெற்றார். துணிச் சோதனையில் சமமாக உழைத்த எஸ்தருக்கு அதில் பங்கில்லை என்பதையும் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் எதிரி ஈரம். அகார் ஊற்றிய அன்றே நகலெடுத்தால் மேலே நிற்கும் நீர்ப்படலத்தில் பாக்டீரியா வழிந்து, காலனிகள் வால் நட்சத்திரம் போல நீண்டு தெரியும். இடம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. தட்டுகளை முன்பே உலர வைக்க வேண்டும். கனமாக அழுத்துவதும், அழுத்தியபடி லேசாகத் திருப்புவதும் அதே கெடுதலைச் செய்யும். இரண்டாவது, தட்டுகளின் வரிசை. மூலத் தட்டுதான் முதலில் துணியைத் தொட வேண்டும். அடுத்து ஃபேஜ் இல்லாத சாதாரணத் தட்டு ஒன்று. அதற்குப் பிறகே ஃபேஜ் தட்டுகள். ஃபேஜ் தட்டு ஒருமுறை பட்ட துணியில் ஃபேஜ் ஏறிவிடும். பிறகு அந்தத் துணி மூலத் தட்டைத் தொட்டால் சோதனையின் அடிப்படையே போய்விட்டது. சாதாரணத் தட்டு நடுவில் எதற்கு என்றால், அதில் படலம் சீராக வளர்ந்திருந்தால்தான் துணி எல்லா இடத்திலும் நன்றாக எடுத்தது என்று தெரியும். அது சீராக இல்லாவிட்டால், ஃபேஜ் தட்டில் ஓர் இடம் காலியாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை. ஃபேஜ் தட்டிலிருந்து எடுத்த காலனியை மறுபடி ஃபேஜில் போட்டுச் சோதிப்பதும் அவசியம். ஃபேஜ் சரியாகப் பரவாத மூலையில் தப்பிப் பிழைத்த சாதாரணப் பாக்டீரியாவும் எதிர்ப்புக் காலனி போலவே தெரியும்.

கடைசியாக, இந்தச் சோதனை எதை நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேஜும் ஸ்ட்ரெப்டோமைசினும் பாக்டீரியாவைக் கொல்பவை. கொல்லும் தேர்வில், தேர்வு தொடங்கிய பிறகு மாறுவதற்கு யாரும் உயிரோடு இல்லை. எனவே எதிர்ப்புள்ளவை முன்பே இருந்தன என்பது உறுதியாகிறது. தேர்வுக்குப் பின் எந்த மாற்றமும் எங்கேயும் நடக்காது என்பது உறுதியாகவில்லை. 1988இல் ஜான் கெய்ர்ன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நேச்சர் இதழில் இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டினார்கள். லாக்டோஸைச் செரிக்க முடியாத ஈ.கோலையை லாக்டோஸ் மட்டுமே உள்ள தட்டில் வைத்தார்கள். அவை சாகவில்லை, பட்டினி கிடந்தன. நாள் போகப் போக லாக்டோஸைச் செரிக்கும் காலனிகள் புதிது புதிதாகத் தோன்றின. தேவையான மாற்றத்தைப் பாக்டீரியா தேர்ந்தெடுத்துச் செய்கிறதோ என்ற கேள்வியை அவர்கள் எழுப்பியபோது பெரிய விவாதம் கிளம்பியது. பிறகு வந்த ஆய்வுகளில், அப்படித் தோன்றிய வகைகளில் லாக்டோஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஜீன்களிலும் மாற்றங்கள் இருந்தது தெரியவந்தது. நெருக்கடியில் பிழை அதிகம் செய்யும் பாலிமரேஸ்கள் வேலைக்கு வருவதும், குறைபாடுள்ள ஜீனே பல பிரதிகளாகப் பெருகி மாற்றத்துக்கான வாய்ப்பைக் கூட்டுவதும் காரணங்களாகக் காணப்பட்டன. எந்த வழியாக எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் நீடித்தது.

ஆகவே, "மருந்துக்குப் பங்கே இல்லையா?" என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட விதத்தில் அல்ல. முதல் பங்கு தேர்ந்தெடுப்பது: 80 லட்சத்தில் ஒன்றாக ஒளிந்திருந்ததை, மற்றவற்றைக் கொன்று, நூற்றுக்கு நூறாக ஆக்குவது. சில மருந்துகளுக்கு இரண்டாவது பங்கும் உண்டு. சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை டி.என்.ஏ.வையே சேதப்படுத்துகின்றன. கொல்லும் அளவைவிடக் குறைவாக அவை செல்லுக்குள் இருக்கும்போது, சேதத்தைச் சமாளிக்கும் எஸ்.ஓ.எஸ். என்ற அவசர ஏற்பாடு விழித்து, பிழை செய்யும் பாலிமரேஸ்களை இறக்கி, சடுதி மாற்றத்தின் வேகத்தையே கூட்டிவிடுகிறது. அப்போதும் மாற்றங்கள் மரபணுத் தொகுதி முழுக்கச் சிதறித்தான் விழும். சிப்ரோஃபிளாக்சசினைத் தடுக்கும் ஜீனைக் குறிபார்த்து விழாது.